மாமாவின் 8+8 ஜிபி போன்

போன மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணத்து மாமா மண்டியில் நின்றபடியே போன் செய்தார். "மாப்ள, காசு வந்துச்சான்னு பாக்கணும், இந்த எழவு தொறக்கவே மாட்டேங்குது." லோடு இறக்கிய வண்டிக்காரர் வாடகைக்குக் காத்திருக்கிறார். மாமாவின் போனில் யுபிஐ ஆப் வெள்ளைத் திரையோடு அப்படியே நிற்கிறது. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத போன் அது. அட்டைப்பெட்டியில் '8 கோர், 8+8 ஜிபி ரேம், 50 மெகாபிக்சல்' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கிப் பார்த்தேன். 64 ஜிபி சேமிப்பில் 61 நிரம்பியிருந்தது. பாதிக்கு மேல் வாட்ஸ்அப் குரூப்களில் வந்த காலை வணக்கமும் கல்யாண வீடியோவும். கடைக்காரர் ஏற்கெனவே "ரேம் பத்தல, வேற வாங்கிக்குங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்குத் தெரிந்து கோளாறு ரேமில் இல்லை, சேமிப்பு எந்த வகை என்பதில்தான் இருந்தது. இதைப் பெரும்பாலான அட்டைப்பெட்டிகள் சொல்வதில்லை.

பட்ஜெட் போன்களில் சேமிப்புச் சில்லு பெரும்பாலும் இரண்டு வகை: இஎம்எம்சி 5.1, இல்லையென்றால் யுஎஃப்எஸ் 2.2. இஎம்எம்சி என்பது வாய்க்கால் மேல் இருக்கும் ஒற்றைப் பாலம் மாதிரி. எதிரில் டிராக்டர் வந்தால் நாம் இந்தப் பக்கம் நிற்க வேண்டியதுதான். எழுதும்போது படிக்க முடியாது, படிக்கும்போது எழுத முடியாது. யுஎஃப்எஸ்ஸில் போகவும் வரவும் தனித்தனி வழி உண்டு, வேலைகளை வரிசை போட்டு அனுப்பும் முறையும் நன்றாக இருக்கும். பெரிய கோப்பு ஒன்றைப் படிக்கும் வேகம் இஎம்எம்சியில் வினாடிக்கு சுமார் 300 எம்பி. யுஎஃப்எஸ் 2.2-இல் அது 900-ஐ ஒட்டி வரும்.

மண்டியில் நடந்தது இதுதான். குரூப்பில் வந்த வீடியோக்கள் தானாக இறங்கிச் சேமிப்பில் எழுதிக்கொண்டிருக்க, அதே நேரம் யுபிஐ ஆப் தன் கோப்புகளைப் படிக்கக் கேட்கிறது. பாலம் ஒன்றுதான். அதிலும் சேமிப்பு நிரம்பி வழிந்தால், புதிதாக எழுதும் முன் சில்லு உள்ளே பழையதை நகர்த்தி இடம் ஒழிக்க வேண்டும். அந்த நேரம் முழுக்கத் திரை வெள்ளையாக நிற்கும்.

அந்த '8+8' கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது 8 ரேமே கிடையாது. சேமிப்பிலிருந்து ஒரு பகுதியை எடுத்து ரேம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே திணறும் பாலத்தின் மேல் இன்னும் நாலு வண்டி ஏற்றுவதுதான் அது. மாமாவின் போனில் முதல் வேலையாக அதை அணைத்தேன். உண்மையான ரேமைப் பொறுத்தவரை, பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் போன்கள் பெரும்பாலும் எல்பிடிடிஆர்4எக்ஸ் வகையில்தான் வருகின்றன, அதில் ஒப்பிட ஒன்றுமில்லை. 6 ஜிபி நிஜமாக இருந்தால் போதும்.

சரி, பிராசஸர். '8 கோர்' என்பதைக் கேட்டு யாரும் மயங்க வேண்டாம், இந்த விலையில் கிட்டத்தட்ட எல்லாமே 8 கோர்தான். அதில் பெரும்பாலும் ஆறு சின்னது, ஏ55 என்ற வகை. மீதி இரண்டு பெரியது. ஆப்பைத் தட்டியதும் திறக்கிறதா என்பது அந்த இரண்டின் கையில்தான் இருக்கிறது. ஹீலியோ ஜி85, யூனிசாக் டி606 வகையறா பிராசஸர்களில் பெரிய கோர்கள் ஏ75. ஹீலியோ ஜி99, டைமென்சிட்டி 6300 இரண்டிலும் ஏ76. ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2-இல் ஏ78. இந்த எண் ஏறுவதுதான் வகுப்பு ஏறுவது. இன்னொன்று, ஜி85 என்பது 2020-இல் வந்த 12 நானோமீட்டர் சில்லு, ஜி81 என்ற பெயரில் இப்போது வருவதும் ஏறக்குறைய அதேதான். டைமென்சிட்டி 6300 6 நானோமீட்டர், அதனால் சூடும் குறைவு, பேட்டரியும் தாங்கும். நம்ம ஊர் ஏப்ரல் வெயிலில் இது சின்ன விஷயமில்லை.

ஜி85-க்கு இஎம்எம்சி மட்டும்தான் பொருந்தும். ஆக பிராசஸர் பெயரைப் பார்த்தாலே சில சமயம் சேமிப்பு வகை தெரிந்துவிடும். ஆனால் நல்ல பிராசஸர் இருந்தால் யுஎஃப்எஸ் நிச்சயம் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கேயும் காசு மிச்சம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தில் `UFS 2.2` என்று எழுதியிருக்க வேண்டும். வெறும் '128 ஜிபி' என்று மட்டும் இருந்தால் நான் அதை இஎம்எம்சி என்றே எடுத்துக்கொள்வேன். யுஎஃப்எஸ் போட்டவன் அதைச் சொல்லாமல் விடமாட்டான். ஏற்கெனவே வாங்கிய போன் என்றால் ஆண்ட்ரோபெஞ்ச் மாதிரி ஓர் ஆப் போட்டுப் படிக்கும் வேகத்தைப் பாருங்கள். 300 பக்கம் நின்றால் விஷயம் தெரிந்துவிடும்.

மாமாவுக்குப் புதிது எடுக்க கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடைசியில் இரண்டு போன் மேசையில் நின்றது. முதலாவது 9,999 ரூபாய்: 8+8 ரேம், 256 ஜிபி, உள்ளே ஜி81, இஎம்எம்சி. இரண்டாவது 12,499: 6 ஜிபி ரேம், 128 ஜிபி, டைமென்சிட்டி 6300, யுஎஃப்எஸ் 2.2. மாமாவின் கண் 256-லேயே இருந்தது.

அங்கேதான் அப்டேட் கணக்கைப் போட்டேன். முதல் போனுக்கு இரண்டு வருடப் பாதுகாப்பு அப்டேட், இரண்டாவதற்கு நான்கு வருடம். இந்த வருடங்களைக் கம்பெனிகள் பெரும்பாலும் மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகின்றன, நாம் பில் போட்ட நாளிலிருந்து அல்ல. முதல் போன் வந்து 14 மாதம் ஆகிவிட்டது, மிச்சம் 10 மாதம். இரண்டாவது வந்து 4 மாதம், மிச்சம் 44 மாதம். விலையை மிச்ச மாதத்தால் வகுத்தால் முதலாவது மாதம் ஆயிரம் ரூபாய், இரண்டாவது 284 ரூபாய். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டியதும் மாமா, "அப்ப இவன் பழைய சரக்கத்தான் தலையில கட்டுறானா?" என்றார், கடைக்காரர் காதில் விழும்படி.

கடைக்காரரும் சும்மா இல்லை. "சார், நாலு வருஷம் யாரு ஒரே போன வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். நம்ம வீடுகளில் வைத்திருக்கிறார்கள். மகன் வைத்திருந்ததை அப்பா வாங்குகிறார், அப்பாவுடையது அம்மாவுக்குப் போகிறது. அம்மா கைக்கு வரும்போது அப்டேட் நின்று ஒரு வருடம் ஆகியிருக்கும். அதில்தான் வங்கிக் கணக்கும் இருக்கும். `Settings`-இல் `About phone` போய், `Android security update` என்ற இடத்தில் இருக்கும் தேதியைப் பாருங்கள். சில மாடல்களில் `Android version`-ஐத் தட்டினால் வரும். உங்கள் அம்மாவின் போனில் அந்தத் தேதி எந்த வருடம்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. சாம்சங் 2024-இல் கேலக்ஸி ஏ16 5ஜிக்கு ஆறு வருட அப்டேட் என்று அறிவித்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு புது ஆண்ட்ராய்டும் கொஞ்சம் கூடுதல் இடமும் ரேமும் கேட்கும், ஐந்தாவது வருடம் இந்த வகுப்பு பிராசஸர் அதை எப்படி இழுக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம்தான். புது ஆண்ட்ராய்டு குறைவாக வந்தாலும் பரவாயில்லை, பாதுகாப்பு அப்டேட் நீளமாக இருக்கட்டும் என்பது என் கட்சி.

மாமா இரண்டாவதையே எடுத்தார். 2,500 ரூபாய் கூடுதல் என்று வண்டியில் வரும் வழியெல்லாம் முணுமுணுப்பு. பழைய போன், நான் சொன்னபடியே, அத்தைக்குப் போய்விட்டது. வீடியோக்களை அழித்து, வாட்ஸ்அப்பில் தானாக இறங்குவதை நிறுத்தி, யுபிஐ ஆப்பை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். இப்போது அதில் அத்தை சீரியல் மட்டும் பார்க்கிறார். "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்துனீங்க?" என்று மாமாவிடம் கேட்டாராம்.