ஒரே தாளில் இரண்டு சான்றிதழ்

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலத்தில் உள்ள ஒரு கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு என் மகளுடன் மூன்றாவது முறையாகப் போய்வந்தேன். அவள் வீட்டிலேயே படித்து, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தேறியவள். மதிப்பெண் பட்டியலைப் பார்த்த அலுவலர் முதலில் கேட்டது, "இது அஞ்சல் வழிப் படிப்பா?" என்பதுதான். 1989-இல் தொடங்கப்பட்ட, மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும், தானே பொதுத்தேர்வு நடத்தும் வாரியம் அது என்று விளக்கினேன். தலையை மட்டும் ஆட்டினார்.

உண்மையான சிக்கல் டி.சி.யில் தொடங்கியது. மற்ற மாணவர்களுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழையும், வாரியம் இடப்பெயர்வுச் சான்றிதழையும் தனித்தனியாகத் தருகின்றன. இவளுக்குப் பள்ளி என்று ஒன்று இல்லாததால், அந்த நிறுவனமே இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் வழங்குகிறது. தாளின் தலைப்பிலேயே இரண்டு பெயர்களும் அச்சிடப்பட்டிருக்கின்றன. அதை விரல் வைத்துக் காட்டினேன். அவரோ தம் பட்டியலில் இரண்டு கட்டங்கள் இருப்பதாகவும், ஒரே தாளுக்கு இரண்டு 'டிக்' போட முடியாது என்றும் சொன்னார். "தலைமையாசிரியர் கையெழுத்து எங்கே?" என்று வேறு கேட்டார். வீட்டில் தலைமையாசிரியர் நான்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் அந்தத் தாளை இரண்டு நகல் எடுத்து, கட்டத்துக்கு ஒன்றாகப் பின் குத்திக் கொடுத்தோம். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.