ரீயூனியனுக்குப் போகும் அம்மாவுக்கு: சேலை பழசே இருக்கட்டும், பிளவுஸை மாத்தலாமா?

அன்புள்ள அம்மா,

ஸ்கூல் ரீயூனியனுக்குப் புதுச்சேலை தேட வேண்டாம். உன் மாம்பழ நிறப் பட்டே போதும். அதோட வழக்கமா போடுற மரூன் பிளவுஸைத்தான் இந்த ஒரு தடவை மாத்திப் பாரேன். பார்டரும் மரூன், பிளவுஸும் மரூன்னா கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிக்க நிக்கிற மாதிரி ஆயிடுது. மயில்கழுத்து நிறத்துல, ஜரிகை இல்லாத காட்டன் சில்க் எடுக்கலாம். கடை விளக்குல நிறம் ஏமாத்தும். சேலையைக் கையோட கொண்டுபோய் வாசல் வெளிச்சத்துல வச்சுப் பாரு. துணி ஒரு மீட்டர் வேணும், 80 செ.மீ. குட்டைக் கைக்குத்தான் தாராளமா வரும்.

கை நீளத்தை முழங்கை மடிப்புக்கு ஓரங்குலம் மேலயே நிறுத்தச் சொல்லு. சரியா மடிப்பிலேயே முடிஞ்சா கையை மடக்கும்போதெல்லாம் விளிம்பு அழுத்தும், ஒரு மணி நேரத்துல கசங்கிடும்.

இதைவிட முக்கியம் அக்குள் வெட்டு. அக்குள்ல இறுக்கிப் பிடிக்குதுன்னு சொன்னா டெய்லர் வெட்டை இன்னும் கீழே இறக்கிடுவார். அங்கதான் தப்பு. அக்குள் இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது பிளவுஸ் முழுசும் கூடவே மேலே ஏறும், கீழே இடுப்பு தெரியும். வெட்டு அக்குளை ஒட்டி இருக்கணும், தளர்ச்சியைக் கையோட மேல்சுற்றுல கொடுக்கணும். போட்டுப் பார்க்கும்போது குரூப் போட்டோ எடுக்கிற மாதிரி ஒரு கையை உயர்த்து. கீழ் விளிம்பு ஓரங்குலத்துக்கு மேல ஏறினா திருப்பிக் கொடுத்துடு.

இப்போ எல்லாரும் போட் நெக் போடுறாங்க. பார்க்க அழகுதான், ஆனா பெரும்பாலும் கொக்கி முதுகுப் பக்கம் போயிடும். தோள்வலியோட நீ தனியா மாட்ட முடியாது. முன்கொக்கியே இருக்கட்டும், முன்கழுத்தை ஆழம் குறைஞ்ச ‘வி’யா வெட்டினாலே புதுசா தெரியும். முதுகுக் கழுத்தை ரொம்ப அகலமாக்கினா தோள் வழுக்கும், அப்புறம் நாள் முழுக்க இழுத்து விட்டுக்கிட்டே இருக்கணும்.

லைனிங் காட்டனை வெட்டுறதுக்கு முன்னாடியே தண்ணியில நனைச்சுக் காயவச்சுக் கொடு. இல்லேன்னா முதல் சலவையில அது மட்டும் சுருங்கி, மேல்துணி சுருக்கம் சுருக்கமா நிக்கும். பக்கத் தையலுக்கு உள்ளே ஓரங்குலம் துணி விடச் சொல்லு. பழைய அளவு பிளவுஸ் வேண்டாம், அன்னைக்குப் போடப்போற உள்ளாடையோட புதுசா அளவு எடுத்துக்கோ.

சேலைக்கு ரெண்டே ரெண்டு விஷயம். பழைய பட்டு மடிச்ச கோட்டுலதான் முதல்ல கிழியும். இப்பவே பிரிச்சு வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சுப் பாரு. இழை விலகியிருந்தா அந்தப் பக்கம் கொசுவத்துக்குள்ள போற மாதிரி கட்டிக்கலாம். தோள்ல பின் குத்துற இடத்துல மட்டும், மடிப்புக்கு அடியில சின்ன துணித்துண்டு வச்சுக் குத்து. இழுப்பு அந்தத் துண்டு மேல போகும், பட்டு தப்பிக்கும்.

உன் மகள்