அந்தப் பள்ளங்கள் உங்கள் லென்ஸுக்குள் வரவே இல்லை

முந்தாநாள் நம் புகைப்படக் குழுவில் ஒரு தம்பி போனில் எடுத்துப் போட்ட, பள்ளமெல்லாம் பளிச்சென்று தெரிந்த நிலாப் படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். படம் போட்ட தம்பி மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. "கையில் பிடித்தே எடுத்தது, எடிட் எதுவும் செய்யவில்லை" என்று எழுதியிருந்தார். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: RAW கோப்பு இருக்கிறதா தம்பி? சென்சாரில் விழுந்தது மெருகேற்றாமல் அப்படியே இருக்கும் கோப்பு, அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்கள்: வயிற்றெரிச்சல், டெலஸ்கோப்புக்குக் காசைக் கொட்டின கடுப்பு, "அங்கிளுக்கு ஒரு மோர் குடுங்கப்பா". மோர் குடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. அவர் எடிட் செய்யவில்லை, போன் செய்தது. ஷட்டர் பட்டனைத் தொட்டதற்கும் கேலரியில் படம் வந்து உட்கார்ந்ததற்கும் நடுவில் செய்தது.

2023 மார்ச்சில் ரெடிட்டில் ஒருவர் செய்த சோதனையை இங்கே பாதிப் பேர் மறந்துவிட்டீர்கள். அவர் நிலாவின் நல்ல படம் ஒன்றை எடுத்து 170க்கு 170 பிக்சலாகச் சுருக்கினார். அதை இன்னும் மங்கலாக்கினார். பள்ளம் கிள்ளம் எதுவும் இல்லாமல் வெறும் சாம்பல் திட்டு மட்டும் மிஞ்சியது. அதைக் கணினித் திரையில் பெரிதாக வைத்து, விளக்கை அணைத்து, அறையின் அந்தப் பக்கம் போய் நின்று சாம்சங் போனில் ஜூம் செய்து எடுத்தார். வந்த படத்தில் பள்ளங்கள், மேடுகள், கதிர்க்கோடுகள்! திரையில் இல்லாதது படத்தில் இருந்தது.

உடனே சிலர், மங்கல் படத்தைக் கணக்குப் போட்டுத் தெளிவாக்க முடியும், போன் அதைத்தான் செய்திருக்கும் என்றார்கள். நியாயமான சந்தேகம்தான். மங்கலாக்கினதைத் திருப்பிப் பிரிக்கும் கணக்கு நிஜமாகவே உண்டு. அதனால் அவர் படத்தின் வெளிச்சமான பகுதிகளை எல்லாம் சுத்த வெள்ளையாக்கினார். வெள்ளைக்குள் பிரித்தெடுக்க எதுவும் கிடையாது. அங்கேயும் போன் விவரம் வரைந்தது. அப்புறம் நிலாவின் மேல் ஒரு சாம்பல் சதுரம், பக்கத்து இருட்டில் அதே மாதிரி இன்னொரு சதுரம் வைத்து எடுத்தார். நிலாவின் மேல் இருந்த சதுரத்தில் நிலாத் தோல் முளைத்தது. இருட்டில் இருந்தது சாம்பலாகவே இருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"சாம்சங் நிறுவனமே ஒட்டவில்லை என்று சொல்லிவிட்டதே சார்" என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். ஆமாம், ஒரு ரெடிமேட் படத்தை அப்படியே தூக்கி மேலே ஒட்டுவதில்லை. ஒத்துக்கொள்கிறேன். அந்த விளக்கத்தை முழுக்கப் படித்தீர்களா? நிலாதான் என்று போன் கண்டுபிடிக்கிறது, பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது, பிறகு நிலாப் படங்களைப் பார்த்துப் பழகிய செயற்கை நுண்ணறிவு விவரத்தைக் கூட்டுகிறது. அவர்களே சொன்னது. கடைசியில், நிஜ நிலாவை எடுப்பதற்கும் நிலாவின் படத்தை எடுப்பதற்கும் குழப்பம் வராதபடி இன்னும் மேம்படுத்துவோம் என்றும் சொன்னார்கள். இந்த ஒரு வரிக்காகவே அவர்களுக்கு மாலை போடலாம். திருட்டு நடந்தது பிரச்சினை இல்லை, பூட்டில்லாத வீடு என்று தெரிந்துபோனதுதான் பிரச்சினை!

ஒட்டினால் என்ன, கற்றுக்கொண்டு வரைந்தால் என்ன? அந்தப் பள்ளத்தின் ஒளி அன்றைக்கு அந்த லென்ஸ் வழியாக வந்து சென்சாரில் பதிந்ததா என்பதுதான் என் கேள்வி. பதியவில்லை. பதியவும் முடியாது.

ஏன் முடியாது என்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. அந்தச் சாம்சங் போனின் பத்து மடங்கு ஜூம் லென்ஸின் வாய் சுமார் ஐந்தரை மில்லிமீட்டர், ஒரு மிளகை விடக் கொஞ்சம் பெரிது. சென்சாரில் நிலாவின் பிம்பம் கால் மில்லிமீட்டர் அகலத்துக்கு விழும். பிக்சல் கணக்கில் ஏறக்குறைய 220. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் சின்ன ஓட்டை வழியாக வரும் ஒளி விரிந்து பரவும். பள்ளிக்கூடத்தில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, அதுதான். இந்த அளவு வாய்க்கு நிலாவில் சுமார் 45, 50 கிலோமீட்டருக்குள் இருப்பதெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். நிலாவின் விட்டம் 3474 கிலோமீட்டர். ஆக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் எழுபது, எழுபத்தைந்து புள்ளிகள்தான் தனித்தனியாகத் தெரியும். கோப்பர்நிக்கஸ் பள்ளம் 93 கிலோமீட்டர், டைக்கோ 85. அதாவது ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளிகள் கூடச் சரியாகக் கிடையாது. இரண்டு புள்ளியை வைத்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்பு, உள்சுவர், நடுவில் நிற்கும் சிகரம் எல்லாம் காட்டுகிறது என்றால் அது படம் எடுக்கவில்லை, நினைவிலிருந்து எழுதுகிறது. நூறு மடங்கு ஜூம் என்று போட்டுக்கொண்டாலும் வாயின் அளவு மாறாது.

நிலா மட்டும் ஏன் இப்படி மாட்டியது? அது எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது. லேசாக ஆடி அசையும், பிறைக்குப் பிறை நிழல் மாறும். மற்றபடி உலகம் முழுக்க எல்லாரும் எடுப்பது அதே முகம். மனப்பாடம் செய்ய இதைவிடச் சுலபமான பாடம் வேறு இல்லை.

"பல படங்களை அடுக்கினால் விவரம் கூடும், உங்களுக்கு அது தெரியாதா?" தெரியும். டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் காலம்காலமாகச் செய்வதே அதுதான். கை நடுங்கும்போது பிம்பம் பிக்சலுக்குப் பிக்சல் கொஞ்சம் நகரும். அதை வைத்து நிஜமாகவே சில விவரங்களை மீட்கலாம், இரைச்சலும் குறையும். ஆனால் எத்தனை அடுக்கினாலும் லென்ஸின் வாய் போட்ட வேலியைத் தாண்ட முடியாது. அடுக்குவது வேறு, இட்டு நிரப்புவது வேறு.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மொட்டை மாடியில் ஆறங்குல டெலஸ்கோப்பில் நிலா காட்டுவேன். கண்ணை வைத்தால் பிம்பம் அலையடிக்கும். தண்ணீருக்கு அடியில் கிடக்கிற மாதிரி ஆடும். காற்று ஒரு கணம் அடங்கும்போது டைக்கோவின் நடுச் சிகரம் சட்டென்று ஊசிமுனையாகத் தெரியும், மறுபடி கலங்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனை பாடும். ஒரு பையன் பார்த்துவிட்டு, "எங்கப்பா போன்ல இதைவிடச் சூப்பரா இருக்கும் அங்கிள்" என்றான். அவனுடைய அப்பா பக்கத்தில் நின்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

"அழகா இருக்கா இல்லையா, அதைப் பாருங்க, உங்களுக்கு என்ன நஷ்டம்?" இதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். சரி, என்ன நஷ்டம் என்று சொல்கிறேன். 2019 ஜனவரி 21, முழுச் சந்திர கிரகணம். நிலா சிவந்து மங்கியிருந்தபோது ஒரு விண்கல் அதன் மேல் மோதியது. கால் நொடி சொச்சம் ஒரு சின்ன ஒளிப்புள்ளி. அவ்வளவுதான். ஸ்பெயினில் மோதல் ஒளிகளுக்காகவே காத்திருந்த தொலைநோக்கிகள் அதைப் பிடித்தன. அதே நேரத்தில் கிரகணத்தைச் சும்மா ஒளிபரப்பிக்கொண்டிருந்தவர்களின் பதிவுகளிலும் அது இருந்தது. ஒரே புள்ளி வேறு வேறு இடங்களிலிருந்து பதிவானதால்தான் அது கேமராக் கோளாறு இல்லை என்று உறுதியானது. நிஜ விவரம் என்றால் அது. யாரும் எதிர்பார்க்காத இடத்தில் வந்து நிற்பது. நிலா எப்படி இருக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொண்ட கருவிக்கு அந்தப் புள்ளி வெறும் இரைச்சல். துடைத்துவிட்டு வழக்கமான நிலாவைப் போட்டுக் கொடுக்கும். நாமும் சூப்பர் என்று லைக் போடுவோம்.

இது நிலாவோடு போனால் நான் ஏன் இத்தனை பேசப் போகிறேன். எங்கள் ஆச்சி பாம்படம் போட்டவர். காது மடல் தோளைத் தொடும். அவருடைய ஒரே படம், பழைய அட்டையிலிருந்து பெயர்த்தெடுத்த தபால்தலை சைஸ் படம்தான். போன வருஷம் திதிக்குப் பெரிய பிரேம் போட வேண்டும் என்று சொந்தத்தில் ஒரு பையன் ஏதோ செயலியில் கொடுத்து அதைத் 'தெளிவாக்கி' வந்தான். தோல் பளபளப்பு, கண்ணில் வெளிச்சம், தலைமுடி ஒவ்வொன்றாகத் தெரிகிறது. காது மட்டும் சாதாரணக் காது! மடல் சின்னதாக, அழகாக. பழைய படத்தில் கழுத்தோரம் ஒரு மங்கல் நிழலாக இருந்ததே, அதுதான் ஆச்சியின் காது. அந்தக் கணினி பார்த்த லட்சம் காதுகளில் அப்படி ஒன்று இருந்திருக்காது. அதனால் எடுத்துவிட்டது. அத்தை அந்தப் படத்தைப் பார்த்து, "அம்மா மாதிரிதான் இருக்கு" என்றாள். எனக்கு ஒன்றும் பேச வரவில்லை. அது இன்னும் அந்த வீட்டு முன்னறையில் தொங்குகிறது.

இப்போது சொல்லுங்கள், எனக்கு என்ன நஷ்டம் என்று.

"எல்லா டிஜிட்டல் படமும் கணக்குதானே" என்று அந்த அறிவாளி வரப் போகிறார், தெரியும். சாம்சங் அதிகாரி ஒருவரே 2024 ஜனவரியில் நிஜப் படம் என்று ஒன்றே கிடையாது என்கிற பாணியில் பேசினார். வசதியான தத்துவம்தான். சென்சாரில் விழுந்த ஒளியை நிறமாக்குவதும் கணக்குதான், விழாத ஒளிக்குப் பள்ளம் வரைவதும் கணக்குதான் என்றால், கடைக்காரர் போடும் பில்லும் கள்ளக் கணக்கும் ஒன்று என்றாகிவிடும். உங்கள் சம்பளக் கணக்கில் இந்தத் தத்துவத்தைப் பேசுவீர்களா?

நான் சொல்வதை நம்ப வேண்டாம். உங்கள் போனிலேயே பாருங்கள். எதை எடுக்கிறோம் என்று கண்டுபிடித்துப் படத்தைத் தானாக மெருகேற்றும் Scene Optimizer அமைப்பில் இருந்தால் அதை அணையுங்கள். புரோ முறைக்குப் போய் அதே ஜூம் லென்ஸில் ஐஎஸ்ஓ 50, ஷட்டர் 1/250 வைத்து RAW ஆக ஒன்று எடுங்கள். முழுநிலாவில் வெயில் அடிக்கிறது, அதனால் இந்த அளவு போதும். அப்புறம் வழக்கமான முறையில் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் கடல்கள் என்று சொல்கிற கருந்திட்டுகள் இருக்கும், டைக்கோ இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டும் அதிலிருந்து மங்கலாகச் சில கீற்றுகளும் இருக்கும். அது உங்கள் நிலா. உங்கள் கை நடுக்கம், உங்கள் ஊர்ப் புழுதி எல்லாம் அதில் இருக்கும். அதைப் போடுங்கள், முதல் லைக் என்னுடையது.

அந்தக் குழுவின் பொறுப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த மாதப் போட்டி விதிகளில் "போன் படங்களுக்கு RAW கட்டாயம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி மறுபடியும் எழுதியிருக்கிறேன். போன முறை போலப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருக்காதீர்கள். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லிவிடுங்கள், போட்டியின் பெயரையாவது மாற்றிக்கொள்ளலாம்.