"அக்கா இது சி மேஜர்தானே" - போதும்டா சாமி!

நேத்து கோலாலம்பூர் செந்தூல்ல நவராத்திரி புரோகிராமுக்கு ரிகர்சல். வேலை முடிஞ்சு ஜாம்ல ஒன்றரை மணி நேரம் உக்காந்துட்டு பசியோட போய் சேந்தா, கீபோர்டு தம்பி கேக்குற முதல் கேள்வி, "அக்கா என்ன ஸ்கேல்?". ஆரபி ராகம்னு சொன்னேன். போன்ல எதையோ தட்டிப் பாத்துட்டு "ஓ, சி மேஜர் நோட்ஸ்தான், ஈஸி லா" ன்னுட்டான். என் சுருதி அஞ்சு கட்டை, அவன் ட்ரான்ஸ்போஸ் போட்டுக்கிட்டு சி-லயே வாசிப்பான், அது அவன் சௌகரியம், அதுல எனக்கு ஒரு சண்டையும் இல்ல. சண்டை எங்க வந்துச்சுன்னா, நான் ஒரு வரி பாடி முடிச்சு மூச்சு எடுக்குற கேப்புல அவன் அழகா ச ரி க ம ப ன்னு கீழ இருந்து மேல ஒரு ஓட்டு ஓட்டினான் பாருங்க. அவ்வளவுதான், ஆரபி செத்துச்சு. சங்கராபரணம் எந்திரிச்சு உக்காந்துடுச்சு.

நிறுத்த சொன்னா "தப்பு நோட் எதுவும் வாசிக்கலையே அக்கா"ங்கிறான். பக்கத்துல கமிட்டி அங்கிள் வேற, "எல்லாம் அதே சுரந்தானம்மா, விடும்மா" ன்னு. வருஷா வருஷம் இதே கதை, ஆள்தான் மாறுது.

சரி, கோபத்தை ஓரமா வச்சுட்டு சொல்றேன். ஆரபிக்கு ஏறும்போது ச ரி ம ப த ச. அஞ்சே சுரம், க-வும் நி-யும் கிடையாது. இறங்கும்போது ச நி த ப ம க ரி ச, ஏழும் உண்டு. இந்த இறக்கம் இருக்கு பாருங்க, அது அப்படியே சங்கராபரணத்தோட இறக்கம். பிலஹரிக்கும் அதே இறக்கந்தான். அப்போ மூணு ராகமும் மாடிலேருந்து ஒரே படிக்கட்டுல இறங்குது, வித்தியாசம் ஏறுறதுலதான் தெரியுது. சங்கராபரணம் ஒவ்வொரு படியா ஏறும், பிலஹரி ச ரி க ப த ச ன்னு மோகனம் மாதிரி ஏறும், ஆரபி க-வை தாண்டி ரி-லேருந்து ம-வுக்கு ஒரே தாவு. அந்த தாவல்தான் ஆரபியோட ஆதார் கார்டு, சாரி, நம்ம ஊருக்கு ஐசி. அந்த எடத்துல போய் க-வை நிரப்பிவிட்டா கேக்குறவங்களுக்கு எப்படி அடையாளம் தெரியும் சொல்லுங்க?

தம்பி உடனே மடக்குறான், "அப்போ க வாசிக்கவே கூடாதா, நீங்க மட்டும் பாடுறீங்க?". இங்கதான் எல்லாரும் வழுக்கி விழுறது. ஆரோகணம்னா பாட்டு முழுக்க கீழ் ச-லேருந்து மேல் ச வரைக்கும் ஒரே மூச்சுல ஏறி அப்புறம் இறங்குறதுன்னு நெனச்சுக்கிறாங்க. எந்த பாட்டுங்க அப்படி போகுது? பாட்டு ரெண்டு படி ஏறும், ஒண்ணு இறங்கும், திரும்பும், மறுபடி ஏறும். ஏற்றம் இறக்கம்ங்கிறது அந்தந்த நொடியில குரல் எந்தப் பக்கம் போகுதுங்கிற கணக்கு. ரி ம க ரி ன்னு நான் பாடினா, ரி-லேருந்து ம-வுக்கு தாவிட்டு திரும்பி வர்ற வழியில க-வை தொடுறேன், அது சரி. ரி க ம ன்னு போனா அது போச்சு. ரெண்டுலயும் அதே மூணு சுரந்தான், நோட்ஸ் லிஸ்ட் போட்டா ஒரு வித்தியாசமும் தெரியாது, வரிசைதான் மாறுது. உண்மைய சொன்னா முதல்ல இருந்தது இந்த மாதிரி பிடிகள்தான், ஆரோகணம் அவரோகணம் அதையெல்லாம் சுருக்கி எழுதின ஒரு குறிப்பு, அவ்வளவே. குறிப்பை பாத்து ஆளை கட்டிக்க முடியுமா?

தொடுறேன்னு சொன்னதும் சும்மா சொல்லல. ஆரபியில அந்த க தனியா நிக்காது, ம-வை ஒட்டிக்கிட்டு வரும், நி-யும் அப்படித்தான், மேல் ச-வோட ஓரத்துல ஒட்டிக்கிட்டு சட்டுன்னு த-வுக்கு விழுந்துடும். கீபோர்டுல க-வுக்குன்னு இ கட்டையை அழுத்தி ரெண்டு எண்ணிக்கை புடிச்சீங்கன்னா, இறக்கத்துல வாசிச்சாலும் அது ஆரபி இல்ல.

இதைக் கேட்டதும் தம்பிக்கு முகம் பளிச்சுன்னு ஆச்சு, "ஓகே அக்கா, அப்போ ஏற ஒரு ஸ்கேல், இறங்க ஒரு ஸ்கேல், ரெண்டையும் மனப்பாடம் பண்ணா ராகம் வந்துடும்". வராது தம்பி! தேவகாந்தாரி எடுத்துக்கோ. ஏற்றம் ச ரி ம ப த ச, இறக்கம் ச நி த ப ம க ரி ச. மறுபடி படிங்க, ஆமா, எழுத்துக்கு எழுத்து ஆரபியேதான். ரெண்டும் 29-வது மேளமான சங்கராபரணத்துலேருந்து வந்ததுதான். ஆனா தியாகராஜர் ஆரபியில போட்ட "சாதிஞ்செனே", பஞ்சரத்னத்துல மூணாவது, அதைக் கேட்டுட்டு அவரே தேவகாந்தாரியில போட்ட "க்ஷீரஸாகர சயன" கேளுங்க. ஒண்ணு விறைப்பா நெஞ்சு நிமித்தி நடக்கும், சுரம் ஆடாது, மத்திம காலத்துல டக்கு டக்குன்னு போகும். இன்னொண்ணு ரி-யில போய் உக்காந்துக்கிட்டு அதையே அசைச்சு அசைச்சு உருகும், அவசரமே படாது. ஆரபி பாடுறவங்க ரி-யை இழுத்து ஆட்டிட்டாங்கன்னா வாத்தியார் உடனே தொண்டையை செருமுவார், தேவகாந்தாரி எட்டிப் பாக்குதுன்னு அர்த்தம். நான் அந்த செருமலை எத்தனை வருஷம் வாங்கியிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும். ஸ்கேல் ரெண்டு பக்கமும் ஒண்ணு, ராகம் ரெண்டு. இனிமே என்ன ஆப்ல தட்டி பாப்ப?

இதுல எனக்கு தாங்கவே முடியாத ஒண்ணு சொல்றேன். இந்த தம்பி பியானோ கிரேடு எக்ஸாம் எல்லாம் பாஸ் பண்ணவன். "ஏறுறதும் இறங்குறதும் எப்படிக்கா வேற வேறயா இருக்கும், லாஜிக்கே இல்லையே" ன்னு என்னைக் கேக்குறான். டேய், நீ எக்ஸாம்ல மெலோடிக் மைனர் வாசிச்சியே, அது என்ன? ஏ மைனர்ல ஏறும்போது எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், இறங்கும்போது ரெண்டும் சாதா ஜி, எஃப். ஏன்? மேல இருக்குற ஏ-வுக்கு போய் சேரணும்னா பக்கத்துலேயே ஒரு படி இருந்தாதான் இழுத்துட்டு போகும், அதுக்கு ஜி-யை தூக்கினாங்க, தூக்கினதும் எஃப்-புக்கும் அதுக்கும் நடுவுல பெரிய பள்ளம் விழுந்து பாட சங்கடமாச்சு, அதனால எஃப்-பையும் தூக்கினாங்க. இறங்கும்போது அந்த இழுப்பு தேவையில்ல, விட்டுட்டாங்க. நம்ம பைரவியிலயும் ஏறும்போது பெரிய த, இறங்கும்போது சின்ன த. ஆரபி கதை இதுலேருந்து வேற, அங்க சுரத்தை மாத்தல, தாண்டுறாங்க, ஆனா போற திசைக்கு ஏத்த மாதிரி பாதை மாறும்ங்கிறதை அவன் பத்து விரல்லயும் வாசிச்சிருக்கான். யோசிச்சதே இல்ல!

கடைசியா சொன்னேன், "தம்பி, கேப்புல எதையும் நிரப்பாதே. ச-வும் ப-வும் மட்டும் புடி, முடிஞ்சா ரி ம ப ன்னு ஒரே ஒரு தாவு, க பக்கமே வராதே". முகத்தை தூக்கி வச்சுக்கிட்டு அப்படியே செஞ்சான். ரெண்டாவது ரவுண்டுல ஆரபி ஆரபியா நின்னுச்சு, வயலின் அக்கா என்னைப் பாத்து தலையாட்டினாங்க.

பாடி முடிச்சு தண்ணி குடிக்கல, அங்கிள் வந்துட்டார். "நல்லா இருந்துச்சும்மா, ஆனா இந்த தடவை கீபோர்டு சத்தம் கொஞ்சம் கம்மியா இருந்துச்சே?"