எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போடுவது ஏன்?

"படத்துல ஒண்ணும் இல்லன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு சார் கட்டு?"

எலும்பு மருத்துவராக நான் உட்காரும் ஓபியில் இந்தக் கேள்வியை எத்தனையோ அப்பாக்கள் கேட்டுவிட்டார்கள். கேட்பதில் தவறே இல்லை. எக்ஸ்ரே நார்மல் என்று சொல்லிவிட்டு அதே வாயால் பத்துப் பதினான்கு நாள் கட்டு, அதன்பின் திரும்பவும் ஒரு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். காசு பிடுங்குகிறார்கள் என்று முகநூலிலேயே எழுதுகிறார்கள். அந்தக் கட்டும் அந்த இரண்டாவது ஸ்கேனும் சரியானவை என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. அவற்றில் கட்டைவிரல் பக்கம் இருப்பது ஸ்காஃபாய்டு. அளவிலும் வளைவிலும் ஒரு முந்திரிப் பருப்பு மாதிரி இருக்கும். வண்டி சறுக்கி விழும்போதும், கபடியில் தள்ளப்பட்டு விழும்போதும் நாம் தன்னிச்சையாக உள்ளங்கையை விரித்துத் தரையில் ஊன்றுகிறோம். அப்போது உடம்பின் பாரம் முழுக்க இந்த எலும்பின் ஒடுங்கிய நடுப்பகுதியில் இறங்குகிறது, அதை நாங்கள் எலும்பின் இடுப்பு என்போம். அதே மாதிரி விழும் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் பெரும்பாலும் முன்கை எலும்பின் முனைதான் உடையும். பதினைந்து வயதிலிருந்து நாற்பது வரை உள்ளவர்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு, ஸ்காஃபாய்டு மேல்தான் எனக்கு முதல் சந்தேகம்.

சரி, உடைந்தால் எக்ஸ்ரேயில் தெரிய வேண்டாமா? தெரியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த எலும்பு கைக்குள் நேராகப் படுத்திருக்கவில்லை, உள்ளங்கைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. சாதாரணமாகக் கையை மேசையில் வைத்து எடுக்கும் படத்தில் அது குறுகி, ஒன்றின் மேல் ஒன்று மடிந்தது போலத் தெரியும். விரிசல் முடி அளவுதான், இரண்டு துண்டும் இம்மியும் நகரவில்லை என்றால், எக்ஸ்ரே கதிர் அந்த விரிசலின் வழியாகவே நேராகப் போனால்தான் கோடு விழும். கொஞ்சம் கோணம் மாறினாலும் விழாது. அதனால்தான் கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து ஒரு படம், சரிவாக ஒரு படம் என்று கூடுதலாக எடுக்கச் சொல்கிறோம். அப்படி எடுத்தும், உண்மையில் உடைந்த ஸ்காஃபாய்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் நாள் படத்தில் மறைந்துவிடலாம்.

படம் மறைத்ததை விரல் காட்டிக் கொடுக்கும். கட்டைவிரலை மேல்நோக்கி விறைப்பாகத் தூக்குங்கள். மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு நாண்கள் புடைத்து, நடுவில் ஒரு பள்ளம் விழும். அந்தக் காலத்தில் மூக்குப்பொடி வைத்து இழுத்த பள்ளம் அதுதான். அதன் அடியில் ஸ்காஃபாய்டு இருக்கிறது. விழுந்த கையில் அங்கே அழுத்தினால் சுருக்கென்று வலிக்கும். ஆனால் அங்கே ஒரு தோல் நரம்பு ஓடுவதால் நல்ல கையிலும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். அதனால் நான் எப்போதும் இரண்டு கையையும் அழுத்தி ஒப்பிடுவேன். அடுத்து உள்ளங்கைப் பக்கம், கட்டைவிரல் மேடு தொடங்கும் இடத்தில் இந்த எலும்பின் முனையை அழுத்துவேன். பிறகு கட்டைவிரலைப் பிடித்து அதன் நீளவாக்கில் மணிக்கட்டை நோக்கித் தள்ளுவேன். மூன்றிலும் வலித்தால், ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தாலும் அந்தக் கையை உடைந்த கையாகத்தான் நடத்துவேன்.

இந்த எலும்பிடம் மட்டும் ஏன் இவ்வளவு பயம் என்றால், அதன் ரத்த ஓட்டம்தான் காரணம். ரத்தக் குழாய்கள் பெரும்பாலும் விரல்கள் இருக்கும் பக்க முனைக்கு அருகில்தான் உள்ளே நுழைகின்றன. அங்கிருந்து முன்கையை நோக்கிப் பின்னால் போகின்றன. இடுப்பில் உடைந்தால் பின்பாதிக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும், சில சமயம் நின்றேவிடும். ரத்தம் இல்லாத துண்டு மெல்ல மெல்லச் செத்துப்போகும். இன்னொரு சிக்கல், இந்த எலும்பின் மேற்பரப்பில் பெரும்பகுதி குருத்தெலும்பால் மூடியிருக்கிறது. கால் எலும்பு உடைந்தால் வெளியே முடிச்சு மாதிரி புது எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ளும் இல்லையா, அந்த வசதி இதற்கு இல்லை. உடைந்த முகங்கள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அசையாமல் இருந்தால்தான் சேரும். கட்டு இல்லாமல் விட்டால், நீங்கள் டம்ளரைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி எதிர்ப்பக்கமும் வளையப் பார்க்கும்.

ஒரு பையனைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இருபத்தொரு வயது, வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. மணலில் சறுக்கி வலது கையை ஊன்றி விழுந்து, மறுநாள் காலை வந்தான். வீக்கம் பெரிதாக இல்லை. நான்கு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்தோம், நான்கும் சுத்தம். பள்ளத்தில் விரல் வைத்ததும் கையை இழுத்துக்கொண்டான். முழங்கைக்குக் கீழிருந்து விரல் முட்டிகளுக்குச் சற்று முன்பு வரை கட்டு போட்டேன். விரல்களை மடக்கி நீட்டலாம், மணிக்கட்டு அசையாது. கட்டைவிரலைச் சேர்த்துக் கட்டலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் பழைய விவாதம் ஒன்று உண்டு. சேர்க்காமல் கட்டினாலும் அதே அளவு சேர்கிறது என்று 1991-லேயே ஒரு பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. அதனால் கட்டைவிரலை வெளியே விட்டேன். மேலே எழுதிய கேள்வியை அன்றைக்குக் கேட்டவர் அவனுடைய அப்பா.

பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தான். கட்டை எடுத்து முதலில் பள்ளத்தைத்தான் தொட்டேன். வலி அப்படியே இருந்தது. மறுபடி எக்ஸ்ரே. எலும்பு உடைந்தால் அதன் விளிம்புகளை உடம்பே கொஞ்சம் கரைத்துச் சுத்தம் செய்யும், பிறகுதான் புது எலும்பு கட்டும். அந்தக் கரைப்பில் விரிசல் சற்று அகலமாகும். முதல் நாள் தெரியாத கோடு இப்போது தெரிய வாய்ப்பு வருவது அதனால்தான். "அன்னைக்கே எடுத்தீங்களே, திரும்ப எதுக்கு?" என்பதற்குப் பதில் இதுதான். இந்தப் பையனுக்கு இடுப்புப் பகுதியில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு நிழல். கோடு என்று நான் நினைத்தேன், ரேடியாலஜி டாக்டர் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினோம். எலும்பின் குறுக்கே தெளிவான கரும்கோடு, அதைச் சுற்றி எலும்புக்குள் நீர்க்கோர்ப்பு. முறிவுதான், சந்தேகமே இல்லை.

அடுத்த கேள்வி, துண்டுகள் விலகியிருக்கின்றனவா? அதை அளக்க சி.டி.தான் நல்லது. எலும்பின் நீளவாக்கில் மெல்லிய வெட்டுகளாக எடுத்துப் பார்த்தோம், விலகல் இல்லை. விலகியிருந்தாலோ, முறிவு பின்முனையில் இருந்தாலோ திருகாணி போடுவது பற்றிப் பேசியிருப்பேன். இவனுக்கு அது தேவைப்படவில்லை. பிரிட்டனில் 439 பேரை வைத்து நடத்தி 2020-இல் வெளியான ஆய்விலும், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகாத இடுப்பு முறிவுகளில் கட்டு போட்டவர்களும் ஆபரேஷன் செய்தவர்களும் ஒரு வருடம் கழித்து ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். மொத்தம் எட்டு வாரம் கட்டு. கடைசியில் இன்னொரு சி.டி., அதில் பாதிக்கு மேல் எலும்பு பாலம் கட்டிச் சேர்ந்திருந்தது. பிறகு விறைப்புப் போக பயிற்சி. இப்போது வண்டி ஓட்டுகிறான்.

இன்னொருவர் கட்டிட வேலை செய்கிறவர். விழுந்த அன்று வேறு ஒரு இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, நார்மல், வெறும் சுளுக்கு என்று சொல்லித் துணிக்கட்டு சுற்றி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார்கள். மூன்று வாரத்தில் வலி குறைந்துவிட்டது. இந்த எலும்பு ஏமாற்றுவது இப்படித்தான், சேராமலே வலி குறையும். ஒன்றரை வருடம் கழித்து, கையை ஊன்றி எழ முடியவில்லை, சாந்துச் சட்டி தூக்கினால் மணிக்கட்டில் குத்துகிறது என்று என்னிடம் வந்தார். எக்ஸ்ரேயில் இரண்டு துண்டும் தனித்தனியாக, நடுவில் இடைவெளி. உடம்பின் இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து அந்த இடைவெளியில் வைத்துத் திருகாணி போட வேண்டியிருந்தது, வேலைக்குப் போகப் பல மாதம் ஆனது. அதையும் விட்டிருந்தால் சில வருடங்களில் முன்கை எலும்பின் ஓரத்தில் தேய்மானம் ஆரம்பித்து மணிக்கட்டு முழுக்கப் பரவும். முப்பது வயதில் அறுபது வயதுக்காரரின் கை.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பள்ளத்தில் வலி, எக்ஸ்ரே சுத்தம் என்று கட்டு போடுகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசியில் முறிவு இருக்காது. ஒருவரைக் காப்பாற்ற நான்கைந்து பேர் இரண்டு வாரம் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அது தொந்தரவு. தினக்கூலிக்கு அது சோறு. எனக்கு மனசு உறுத்துவது இந்த இடத்தில்தான். எம்.ஆர்.ஐ. முறிவை விழுந்த ஓரிரு நாளிலேயே காட்டிவிடும், இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016-லேயே, இந்தச் சந்தேகம் உள்ளவர்களுக்கு முதல் படமாகவே எம்.ஆர்.ஐ. எடுப்பதைப் பரிசீலிக்கச் சொல்லிவிட்டது. ஓட்டுநர், தையல்காரர், கொத்தனார் என்று கையை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு, இரண்டு வாரக் கூலியையும் ஸ்கேன் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் வாரத்திலேயே ஸ்கேன் எடுப்பது பல சமயம் லாபம். இதை டாக்டர்களே எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஸ்கேன் வசதி இல்லாத ஊரில், அல்லது கையில் பணம் இல்லாதபோது, கட்டு போட்டுக் காத்திருப்பதுதான் பத்திரமான வழி.

ஆனால் காத்திருப்பது என்றால் திரும்பி வர வேண்டும். நான் அதிகம் கவலைப்படுவது, பத்தாம் நாள் தாங்களே கட்டை நனைத்துக் கிழித்துவிட்டு வராமல் இருப்பவர்களைப் பற்றித்தான். வரும்போது இரண்டாவது எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்து, பள்ளத்தில் வலியும் போயிருந்தால் கட்டை எடுத்துவிட்டுக் கையைப் பழக்கலாம். எக்ஸ்ரே சுத்தம், ஆனால் வலி இருக்கிறது என்றால் முடிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போகாதீர்கள். இரண்டாவது எக்ஸ்ரேயும் தவற விடலாம். அந்த இடத்தில் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. கேளுங்கள், டாக்டர் சொல்லாவிட்டாலும் கேளுங்கள். கட்டு இருக்கும் நாட்களில் விரல்கள் நீலமானாலோ, மரத்துப்போனாலோ, விரலை நீட்டினால் தாங்க முடியாத வலி வந்தாலோ, கொடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்று இரவே வந்துவிடுங்கள். கட்டு இறுகியிருக்கும், பிளந்துவிட வேண்டும்.