வாயால் சொன்னாலும் அவதூறுதான்

"வாயால் சொன்னா கேஸ் நிக்காது, எழுதினாத்தான் மாட்டுவோம். உண்மைன்னா எழுதினாலும் பயமில்லை."

அவதூறு பற்றி இப்படிச் சொன்ன அண்ணே, அது இங்கிலாந்துச் சட்டத்தின் வாசனை. அங்கேதான் வாய்ப்பேச்சுக்குப் பெரும்பாலும் நஷ்டத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டும். நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவுக்குப் பேச்சும் எழுத்தும் ஒன்றுதான். இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

காரைக்குடிக் கல்யாணப் பந்தியில், "அந்தப் பட்டறைக்காரர் மெஷின் டைல்ஸை ஆத்தங்குடிக் கல் என்று விற்கிறார்" என்று நாலு பேர் காதில் விழச் சொன்னாலே போதும். சிவில் வழக்கில் பில்லையும் கல்லையும் காட்டி உண்மை என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். கிரிமினலில் உண்மை மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். வாங்குகிறவர்களை எச்சரித்தேன் என்று வாதாட இடமுண்டு, நீதிபதி ஏற்பாரா என்பது வேறு. கூடவே அவர் வீட்டுச் சண்டையையும் இழுத்தால் சிக்கல்தான்.

'என் கருத்து' என்று போட்டால் போதும் என்ற தங்கச்சி பாதி சரி. "இந்த விலைக்குப் பளபளப்பு பத்தாது" என்பது கருத்து. "ஏமாற்றுக்காரர்" என்றால் அடியில் உண்மையான சம்பவம் இருக்க வேண்டும்.

ஆச்சி, உங்கள் சம்பந்தி உங்களைத் தனியாகத் திட்டியது அவதூறு ஆகாது. மூன்றாமவர் யாரும் கேட்கவில்லையே.