பழைய சோற்றில் 73.91 மில்லிகிராம் இரும்பு எங்கிருந்து வரும்?

சென்ற மாதம் குடியாத்தத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகளுக்கு ஐந்தாம் மாதம். அலமாரியில் இரும்புச் சத்து மாத்திரைப் பட்டைகள் மூன்று, பிரிக்காமலே கிடந்தன. ஏன் என்று கேட்டேன். கைப்பேசியை எடுத்து நீட்டினாள். "மாமா, இதைப் படித்துப் பாருங்கள். 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இருக்கும் இரும்பு, 12 மணி நேரம் ஊறினால் 73.91 மில்லிகிராம் ஆகிறதாம். மாத்திரை போட்டால் குமட்டுகிறது. பழைய சோறே போதும் என்று விட்டுவிட்டேன்." அவளுடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஹீமோகுளோபின் 9.1. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே அது ரத்தசோகை.

அந்தச் செய்தி உங்களில் பலருக்கும் வந்திருக்கும். பழைய சோறு தின்று வளர்ந்தவன் நான், இன்றும் வாரத்தில் நான்கு நாள் அதுதான் என் காலை உணவு. அதனால்தான் அந்த எண்ணைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இரும்பு ஒரு தனிமம். நுண்ணுயிரி அமிலத்தை உண்டாக்கும், சில வைட்டமின்களைக்கூட உண்டாக்கும். இரும்பை எந்த உயிராலும் உண்டாக்க முடியாது. இரவு பானைக்குள் அரிசியும் தண்ணீரும் எவ்வளவு இரும்பைக் கொண்டுவந்தனவோ, விடியும்போதும் அவ்வளவுதான் இருக்கும். தீட்டிய அரிசி 100 கிராமில் ஏறக்குறைய 0.7 மில்லிகிராம் இரும்பு உண்டு. அது வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறாகும். அப்படியானால் 100 கிராம் சோற்றுக்குக் கால் மில்லிகிராம்தான் தேறும். அந்தச் செய்தி தொடங்குகிற 3.4 என்ற எண்ணே பல மடங்கு கூடுதல்.

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் மாத்திரையில் இருப்பது 60 மில்லிகிராம் இரும்பு. அந்தச் செய்தி உண்மையானால், 300 கிராம் பழைய சோறு தின்றவர் வயிற்றுக்குள் 220 மில்லிகிராம் போயிருக்கும். கிட்டத்தட்ட நான்கு மாத்திரை. ஒரு மாத்திரைக்கே மலம் கறுத்து, வயிறு இறுகிப்போகிறது. அப்படியானால் காலையில் பழைய சோறு குடித்துவிட்டு ஏர் பிடிக்கப் போன நம் தாத்தா, பாட்டன் எல்லோருக்கும் தினமும் என்ன ஆகியிருக்க வேண்டும்?

புளிப்பால் இரும்புக்கு நடக்கும் நன்மை வேறு. தானியத்தில் ஃபைட்டிக் அமிலம் என்று ஒன்று உண்டு. அது இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு குடல் உறிஞ்ச விடாது. நொதித்தல் அதைக் கொஞ்சம் சிதைக்கிறது, லாக்டிக் அமிலமும் உறிஞ்சுவதற்கு உதவுகிறது. அதாவது இரும்பின் அளவு கூடுவதில்லை, உடம்பில் சேரும் பங்குதான் கூடுகிறது. தீட்டிய அரிசியில் தவிட்டோடு ஃபைட்டிக் அமிலமும் பெரும்பாலும் போய்விடுவதால் இந்த ஆதாயமும் சிறியதே. நம் வடாற்காட்டுக் கேழ்வரகுக் கூழில் இதற்கு நிஜமான பயன் இருக்கிறது. கேழ்வரகில் இரும்பும் கூடுதல், ஃபைட்டிக் அமிலமும் கூடுதல். மாவைக் கரைத்து இரவு முழுக்கப் புளிக்க வைத்து, காலையில் நொய் போட்டுக் காய்ச்சும் வழக்கம் வீணாக வந்ததில்லை.

சரி, பானைக்குள் இரவில் என்னதான் நடக்கிறது? சோறு வேகும்போது ஏறக்குறைய எல்லா நுண்ணுயிரிகளும் செத்துவிடும். ஆனால் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதை போன்ற வித்துகள் கொதியையும் தாங்கும். சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரம் பார்த்து அவை முளைக்கத் தொடங்கும். அதே நேரத்தில் மண்சட்டியின் நுண்துளைகளிலிருந்தும், அகப்பையிலிருந்தும், நம் கையிலிருந்தும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் தண்ணீரில் இறங்கும். இரண்டுக்கும் பந்தயம். லாக்டிக் கூட்டம் சீக்கிரம் பெருகித் தண்ணீரை நன்றாகப் புளிக்க வைத்துவிட்டால், சீரியஸ் அதற்கு மேல் வளர முடியாது. காலையில் மூடியைத் திறந்தால் விளிம்போரம் ஊசிமுனை போல் சிறு குமிழ்கள், லேசாக வெளுத்த தண்ணீர், மோர் போன்ற இளம்புளிப்பு வாசம். இவை இருந்தால் புளிப்பு ஏறியிருக்கிறது என்று பொருள்.

பந்தயம் மாறிப்போவதும் உண்டு. குக்கரில் சுடச்சுட மூடி வைத்த சோறு, நடுவில் பல மணி நேரம் சூடு ஆறாமல் இருக்கும். அதற்குள் சீரியஸ் பெருகிவிட்டால் அது விடும் வாந்தி நஞ்சுக்கு வாசமும் இல்லை, சுவையும் இல்லை, மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. நூல் விட்டு வழவழப்பாக இருந்தாலோ, இளஞ்சிவப்போ கறுப்போ புள்ளி தெரிந்தாலோ கொட்டிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத இந்த நஞ்சுக்கு முன்னெச்சரிக்கை ஒன்றுதான் வழி. சோற்றைத் தட்டில் பரப்பி ஆற்றி, சோறு முழுக்க மூழ்கும்படி நல்ல தண்ணீர் ஊற்றி, முந்தைய நாள் நீராகாரத்தில் இரண்டு கரண்டி சேர்த்து வைக்க வேண்டும். அந்த இரண்டு கரண்டி லாக்டிக் கூட்டத்துக்கு முன்கூட்டியே படை அனுப்புவது போல. வேலூர் வெயிலில் சித்திரையில் 8 மணி நேரமே போதும். மார்கழியில் 12 மணி நேரம் தாண்டினாலும் புளிப்பு மந்தமாகத்தான் ஏறும்.

பழைய சோற்றுக்கு நான் உண்மையாகவே பெருமைப்படுவது அதன் மாவுச்சத்தை நினைத்துத்தான். வெந்து ஆறிய சோற்றின் மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கு இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று சிறு கொழுப்பு அமிலங்களை விடுகின்றன. அவை உப்பையும் நீரையும் உடம்புக்குள் இழுக்க உதவுகின்றன. இதற்குச் சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் காலரா நோயாளிகள் 48 பேரிடம் செய்த ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளியானது. உப்புச் சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் செரிக்காத மாவுச்சத்து கலந்து கொடுத்தவர்களுக்குப் பேதி சீக்கிரம் நின்றது. அவர்கள் கலந்தது மக்காச்சோள மாவுச்சத்து, பழைய சோறு இல்லை. சோற்றில் அந்த வகை மாவுச்சத்து 100 கிராமுக்கு ஒன்றிரண்டு கிராம்தான் இருக்கும். ஆகவே காலராவுக்குப் பழைய சோறு மருந்து என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பழைய சோறு குடலுக்கு நல்லது என்று சொல்வதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது என்பது மட்டும் இதில் தெரிகிறது.

சர்க்கரை நோயாளிகள் கேட்பார்கள். இதே மாவுச்சத்தும் புளிப்பும் ரத்தச் சர்க்கரை ஏறும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனாலும் அது சோறுதான், அளவு அளவுதான். பழைய சோற்றில் பி12 வைட்டமின் கிடைக்கும் என்ற பேச்சு அதைவிடப் பலவீனமானது. சோற்றில் வளரும் லாக்டிக் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அதை உண்டாக்குவதே இல்லை. அசைவம், பால், முட்டை எதையும் தொடாதவர் பழைய சோற்றை நம்பி இருக்கக் கூடாது.

அக்கா மகளிடம் இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதித்தான் காட்டினேன். குமட்டல் பற்றி மருத்துவரிடம் கேட்டாள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லியிருக்கிறார். மாத்திரை போடும் நேரத்தில் டீயைத் தொடுவதில்லை, சுண்ணாம்புச் சத்து மாத்திரையை மதியத்துக்கு மாற்றிவிட்டாள். காலையில் வழக்கம்போலப் பழைய சோறு, சின்ன வெங்காயம், அதோடு இப்போது ஒரு நெல்லிக்காய்.